முன்பல் போன இடத்தில்: பிடுங்குவதற்கு முன்பே தொடங்கும் வேலை

மேல்வரிசை நடுப்பல் ஒன்றை இழக்கப்போகிறவர்கள் எல்லோரும் பல்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன பொருளில் செய்வது, எவ்வளவு வெள்ளையாக இருக்கும், எத்தனை வருடம் தாங்கும் என்று. ஈறைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் வைத்த பல் பொய் என்று எதிரில் நிற்பவருக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஈறுதான். பல் ஈறுக்குள்ளிருந்து முளைத்து வந்ததுபோலத் தெரியாமல், ஈறின்மேல் கொண்டுவந்து ஒட்டியதுபோல இருக்கும். இரண்டு பற்களுக்கிடையே முக்கோணமாக நிற்கும் ஈறு வற்றிப்போய் அங்கே கறுப்பாக ஒரு சந்து தெரியும். பல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிச் செய்யலாம். வற்றிப்போன ஈறையும் அதன் கீழுள்ள எலும்பையும் பழையபடி கொண்டுவருவதுதான் கடினம்.

கண்டிப் பக்கத்தில் ஒரு பல் ஆய்வுகூடத்தில் பொய்ப்பல்லும் பல்லின்மேல் மாட்டும் உறைகளும் செய்வது என் தொழில். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களிலிருந்து பல் வைத்தியர்கள் எடுத்த அச்சுகள் எங்களுக்கு வந்து சேரும். எந்தச் சிகிச்சை யாருக்கு என்று முடிவு செய்வது வைத்தியர். ஆனால் அந்த முடிவுக்கு முன்னால் நீங்கள் என்ன கேட்க வேண்டும், என்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல முடியும்.

ஒரு விதிவிலக்கு. அடிபட்டுப் பல் வேரோடு முழுதாக விழுந்து இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை என்றால், மேற்கொண்டு படிக்காதீர்கள். வேரைத் தொடாமல் பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து, மண் இருந்தால் ஒரு நொடி கழுவி, வந்த குழியிலேயே திருப்பி வையுங்கள். அது முடியாவிட்டால் ஒரு குவளைப் பாலில் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இது நிலையான பற்களுக்கு மட்டும். குழந்தையின் பாற்பல்லைத் திருப்பி வைக்கக் கூடாது.

ஒரு பெண்ணின் கதையை வைத்தே படிகளைச் சொல்கிறேன். தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை, வயது 26. சிறுமியாக இருந்தபோது லயத்துப் படிக்கட்டில் விழுந்ததில் இடது மேல் நடுப்பல் உடைந்து, வேர்ச் சிகிச்சை செய்து, உறை போட்டிருந்தார்கள். இப்போது அந்தப் பல்லின் வேர் நெடுக வெடித்துவிட்டது. ஈறில் சிறிய பரு போல எழும்பிச் சீழ் வருவதும் அடங்குவதுமாக இருந்தது. அப்படி நெடுக வெடித்த வேரைக் காப்பாற்ற முடியாது, எடுத்தே ஆக வேண்டும். அது தை மாதம். கலியாணம் வைகாசியில். அவருக்கு யாரோ எலும்பில் திருகு பதித்து வைக்கும் இம்பிளான்ட்தான் நல்லது, அதைப் போட்டுவிடு என்று சொல்லியிருந்தார்கள்.

பல் வாயில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

வெடித்த பல்லானாலும், கறுத்த பல்லானாலும், அதன் நீளமும் அகலமும் ஈறு நிற்கும் கோடும் ஒரு தகவல். பிடுங்கிய பிறகு அது போய்விடும். ஆகவே எடுப்பதற்கு முன்பே மேல் கீழ் இரண்டுக்கும் அச்சு எடுக்கச் சொல்லுங்கள். கைபேசியில் மூன்று படம் எடுத்து வையுங்கள்: உதடு மூடி, சாதாரணமாகச் சிரித்து, வாய்விட்டுச் சிரித்து. பல் கெடுவதற்கு முந்திய பழைய படம் ஒன்றில் பற்கள் தெளிவாகத் தெரிந்தால் அதையும் கொண்டுபோங்கள். எங்களுக்கு அது அச்சைவிடப் பெரிய உதவி.

வாய்விட்டுச் சிரிக்கும் படத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மேலுதடு எங்கே நிற்கிறது? பல்லின் பாதியிலேயே உதடு நின்றுவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஈறில் உள்ள குறை யாருக்கும் தெரியாது. உதடு ஏறி ஈறு 2, 3 மில்லிமீற்றர் வெளியே தெரிந்தால் ஒவ்வொரு சிறு குறையும் தெரியும். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு சிரமப்பட வேண்டும், எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் பாதி இந்த ஒரு படம்தான். நம் ஆசிரியைக்கு உதடு நன்றாக ஏறியது. ஈறும் மெல்லியது, மெல்லிய ஈறு பல்லை இழந்தால் விரைவாகப் பின்வாங்கும்.

பிடுங்கும் நாள்

மேல் முன்பல்லின் வேருக்கு முன்னால், உதட்டுப் பக்கம் இருக்கும் எலும்பு பலருக்கு 1 மில்லிமீற்றர்கூட இருப்பதில்லை. பல் இருக்கும்வரைதான் அதற்குப் பிழைப்பு. பல் போனதும் அந்தத் தகடு கரைகிறது, ஈறு உள்ளே குழிகிறது. முதல் ஒரு வருடத்தில் அந்த இடத்தின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது. பல்லை எடுத்துவிட்டுக் காசு சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வருடம் வெற்றிடமாக விட்டவரின் அச்சு எங்களிடம் வரும்போது அந்த இடத்தில் விரல் நுனி பதியும் அளவுக்குப் பள்ளம் இருக்கும். பள்ளத்தின்மேல் எவ்வளவு அழகான பல்லை வைத்தாலும் அது நீண்டுதான் தெரியும்.

இதற்காக வைத்தியரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. வேரை எலும்பு உடையாமல் மெல்ல எடுக்க முடியுமா, குழியில் எலும்புத் துகள் நிரப்புவது எனக்குப் பயன்படுமா என்பது ஒன்று. அன்றைக்கே போட ஒரு தற்காலிகப் பல் தயாராக இருக்குமா என்பது மற்றது. முன்பே அச்சு எடுத்திருந்தால் அதற்கு வழி உண்டு. பிளாஸ்டர் அச்சில் அந்தப் பல்லை நாங்கள் வெட்டி எடுத்துவிட்டு, அக்ரிலிக் தகட்டில் ஒரு பல்லை அமைத்துத் தருவோம். பல்லைப் பிடுங்கி, இரத்தம் நின்றதும், அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அந்தப் பல்லின் கழுத்தை உருண்டையாகச் செய்து குழிக்குள் 2 முதல் 3 மில்லிமீற்றர் இறங்க வைத்தால், ஈறின் ஓரமும் பக்கத்து முக்கோணங்களும் சரியாமல் தாங்கி நிற்கும். இதைக் கேட்காவிட்டால் பலர் தட்டையாகவே செய்துவிடுவார்கள்.

இந்தத் தகட்டை முதல் 24 மணி நேரம் கழற்றக் கூடாது. வீக்கம் வந்தால் திரும்பப் போட முடியாமல் போகும். அடுத்த நாளிலிருந்து இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். ஈறு சுருங்கச் சுருங்கத் தகடு தளரும். அப்போது அடியில் அக்ரிலிக் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும், அதற்காக நாலைந்து வாரத்தில் ஒரு முறை திரும்பப் போக வேண்டியிருக்கும்.

மூன்று வழிகளும், எனக்குப் பிடித்த வரிசையும்

தகட்டோடு கழற்றி மாட்டும் பொய்ப்பல்தான் மலிவு. பக்கத்துப் பல் எதையும் வெட்ட வேண்டியதில்லை. கம்பிக் கொக்கிகளைப் பின்பற்களில் போட்டால் சிரிப்பில் தெரியாது. தோற்றத்தில் இதைக் குறைத்துப் பேசுகிறார்கள், ஆனால் ஈறு குழிந்துபோனவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். பள்ளத்தை இளஞ்சிவப்பு அக்ரிலிக்கால் நிரப்பிவிடலாம். சங்கடம் பேச்சிலும் சாப்பாட்டிலும் இருக்கிறது. அண்ணம் மூடியிருப்பதால் ரொட்டியும் சம்பலும் முதல் வாரத்தில் ருசிக்காது.

வழக்கமான பிரிட்ஜ் என்றால் இரு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் செதுக்கி, மூன்று உறைகளை ஒன்றாகச் சேர்த்து ஒட்டுவது. செதுக்கும் அளவு ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிமீற்றர். இளவயதில் பல்லின் உள்ளே நரம்பறை பெரிதாக இருக்கும். செதுக்கிய பற்களில் சில பிறகு நரம்பு செத்து வேர்ச் சிகிச்சைக்கு வருகின்றன. பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ உறையோ இருந்தால் இந்த வழி நியாயமானது. சொத்தையே இல்லாத இரண்டு பற்களை ஒரு பல்லுக்காக வெட்டுவதை நான் விரும்புவதில்லை.

அதற்கு ஒரு மாற்று இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. ஒற்றைச் சிறகுப் பிரிட்ஜ். பல்லின் பின்புறம் மட்டும் மெல்லிய உலோகச் சிறகு ஒன்று இருக்கும், அதைப் பக்கத்துப் பல்லின் பின்பக்கத்தில் ரெசின் பசையால் ஒட்டுவார்கள். செதுக்கல் மிகக் கொஞ்சம், சில வேளை எதுவும் இல்லை. முன்பு இரண்டு பக்கமும் சிறகு வைத்தார்கள். அதில் ஒரு சிறகு சத்தமில்லாமல் விட்டுப்போகும், மற்றது பிடித்துக்கொண்டிருப்பதால் நோயாளிக்குத் தெரியாது, விட்ட சிறகின் அடியில் பல் சொத்தையாகும். ஒற்றைச் சிறகு விட்டால் பல் கையோடு வந்துவிடும். பத்திரமாக எடுத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டலாம். இது எல்லோருக்கும் ஒத்துவராது. கீழ்ப்பல் மேல்பல்லின் பின்புறத்தை இறுக்கமாகத் தொட்டுக் கடிப்பவருக்கும், இரவில் பல்லை நெரிப்பவருக்கும் சிறகுக்கு இடமிருக்காது. சிறகு தாங்கும் பல் மெல்லியதாக இருந்தால் உலோகத்தின் சாம்பல் நிறம் முன்னால் தெரியும். ஒளி ஊடுருவாத பசையோ, உலோகத்துக்குப் பதிலாக வெள்ளை நிறச் சிர்க்கோனியாப் பீங்கான் சிறகோ கேட்க வேண்டும்.

இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் டைட்டேனியம் திருகு ஒன்றைப் பதித்து, எலும்பு அதனோடு பிணைந்த பின் மேலே உறை வைப்பது. பக்கத்துப் பற்களைத் தொடாத ஒரே நிலையான வழி. ஆனால் முன்பல் இடத்தில் திருகு ஒரு மில்லிமீற்றர் முன்னே தள்ளி நின்றாலும் சில வருடத்தில் ஈறு பின்வாங்கிவிடலாம். திருகின் உதட்டுப் பக்கம் 2 மில்லிமீற்றர் எலும்பும், இரு பக்கத்து வேர்களிலிருந்து 1.5 மில்லிமீற்றர் இடைவெளியும் இருக்க வேண்டும் என்பார்கள். அதனால் எலும்பைக் குறுக்கே காட்டும் முப்பரிமாண ஸ்கேன் எடுக்காமல் முன்பல்லுக்குத் திருகு வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். வளர்ச்சி முடியாத வயதில் வைக்கவும் கூடாது. பக்கத்துப் பற்கள் தாடையோடு சேர்ந்து இறங்கும், திருகு இருந்த இடத்திலேயே நிற்கும், கடைசியில் அந்தப் பல் மட்டும் குட்டையாகத் தெரியும். புகைப்பவருக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் தோல்வி கூடுதல். வெற்றிலை புகையிலை போடுகிறவர்கள் அதை நிறுத்தாமல் இந்தச் செலவில் இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விலை கேட்கும்போது திருகு, அதன்மேல் வரும் தாங்கி, உறை, தற்காலிகப் பல், ஸ்கேன், எலும்பு நிரப்புதல் என ஒவ்வொன்றும் அந்தத் தொகைக்குள் வருகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். விளம்பரத் தொகை பல வேளை திருகுக்கு மட்டும்தான். பேராதனையில் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஹட்டனிலிருந்து கம்பளை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ் பேராதனையைத் தொட்டுத்தான் போகும். சிக்கலான கேஸ் என்றால் உங்கள் வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அங்கே ஒரு அபிப்பிராயம் கேட்பது நல்லது.

ஆசிரியைக்கு என்ன செய்தார்கள்? ஸ்கேனில் வெடிப்பு நெடுக முன்பக்க எலும்பு சீழால் அரிக்கப்பட்டிருந்தது. இம்பிளான்ட் வேண்டுமென்றால் முதலில் ஈறு ஆற இரண்டு மாதம், பிறகு எலும்பு சேர்த்துத் திருகு வைத்து மூன்று முதல் ஆறு மாதம், அதன்பின் ஈறைத் தற்காலிக உறையால் வடிவமைக்கச் சில வாரம். மொத்தம் ஆறு முதல் ஒன்பது மாதம். வைகாசிக்குள் முடியாது. பக்கத்து நடுப்பல் அப்பழுக்கில்லாமல் இருந்தது, கடியும் ஆழமில்லை. ஆகவே பிடுங்கிய நாளில் தகட்டுப் பல், மூன்று மாதம் கழித்து ஒற்றைச் சிறகுப் பிரிட்ஜ். எதையும் வெட்டாததால் பிற்காலத்தில் இம்பிளான்ட் வேண்டுமானால் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. திரும்பிப் போக முடிகிற வழியை முதலில் எடுப்பதே இளவயதுக்காரருக்கு நான் சொல்லும் வரிசை.

ஈறுக்கு வடிவம் கொடுத்தல்

மூன்று மாதத்தில் அவருடைய ஈறு ஓரளவு நின்றுவிட்டது, ஆனால் நடுவில் தட்டையாக இருந்தது. தகட்டுப் பல்லின் அடியில் வைத்தியர் கொஞ்சம் கொஞ்சமாக அக்ரிலிக் சேர்த்து, முட்டையின் கூர்நுனிபோல ஈறை அழுத்த வைத்தார். போட்டதும் அழுத்திய இடம் வெளுக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பழைய இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அழுத்தம் அதிகம், இரத்தம் போகவில்லை. உடனே குறைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படிச் சேர்க்க, ஈறில் பல்லின் கழுத்துக்கு அளவான ஒரு கிண்ணம் உண்டானது. அந்தக் கிண்ணத்துக்குள் உட்காரும் பல்தான் முளைத்ததுபோலத் தெரியும். பிரிட்ஜுக்கு அச்சு எடுத்தது அதன் பிறகுதான்.

நிறம் பார்க்கும் காலை

நிறத்தைக் கடைசியில் பார்க்கக் கூடாது. வாய் திறந்து பத்து நிமிடம் இருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும், அந்த நிறத்துக்குச் செய்த பல் வீட்டுக்குப் போனதும் வேறாகத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பாருங்கள். பனி விலகிய பின், காலை பத்து மணி அளவில், ஜன்னலோரத்தில். உதட்டுச் சாயம் வேண்டாம், பளிச்சென்ற சிவப்பு மஞ்சள் சேலை வேண்டாம். பற்களை வெளுக்கும் எண்ணம் இருந்தால் அதை முன்பே செய்து, இரண்டு வாரமாவது கழித்து நிறம் பாருங்கள். செய்த பல்லைப் பிறகு வெளுக்க முடியாது.

ஆசிரியை எங்கள் கூடத்துக்கே வந்திருந்தார். நிற அட்டையில் வெள்ளையாக இருந்ததைக் காட்டி, "அண்ணா, இதைப் போடுங்களேன், கலியாணப் படத்தில் நன்றாக இருக்கும்" என்றார். பக்கத்துப் பல்லைக் கண்ணாடியில் காட்டினேன். கழுத்தில் மஞ்சள் கூடுதலாக, நுனியில் சற்றே நீலச் சாம்பலாகக் கண்ணாடித்தனமாக, நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று, ஓரத்தில் தேயிலைக் கறை படிந்த மயிரிழைக் கீறல். "இந்தக் கீறலையுமா செய்வீர்கள்?" என்று சிரித்தார். மெல்லியதாக, ஒன்றே ஒன்று செய்தேன்.

இன்னொரு சிக்கல் அகலம். பழைய பல் போன பிறகு வெற்றிடம் பக்கத்துப் பல்லைவிட அரை மில்லிமீற்றர் அகன்றிருந்தது. நடுப்பற்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இல்லாவிட்டால் கண் உடனே பிடித்துவிடும். பல்லின் முன்முகத்தில் வெளிச்சம் பட்டு மின்னும் இரண்டு நிமிர்ந்த விளிம்புகள் உண்டு. நாம் பல்லின் அகலமாக உணர்வது அந்த இரண்டுக்கும் நடுவே உள்ளதைத்தான். அவற்றைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தி, வெளி ஓரங்களைப் பின்னோக்கிச் சாய்த்தால் அகன்ற பல் பக்கத்துப் பல்லின் அளவாகவே தெரியும். உங்கள் வெற்றிடம் கூடியோ குறைந்தோ இருந்தால் இதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும், அதை அவசரப்படுத்தவிடாதீர்கள். எழுந்து நின்று, கையெட்டும் தூரத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். மற்றவர்கள் உங்களைப் பார்ப்பது அந்தத் தூரத்திலிருந்துதான். "வவுனியா, வெள்ளவத்தை" என்று சொல்லுங்கள். மேல்பல் நுனி கீழுதட்டின் ஈரம் படும் கோட்டை இலேசாகத் தொட வேண்டும். உதட்டைக் கடித்தால் பல் நீளம், தொடாமலே போனால் குட்டை. "சாமி, சீனி" என்னும்போது காற்றுச் சீறினால் பல்லின் பின்புறம் தடித்திருக்கலாம். மனதுக்கு ஒவ்வாத எதையும் அப்போதே சொல்லுங்கள், ஒட்டிய பின் சொன்னால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

வைத்த பிறகு கவனிக்க வேண்டியவை

பிரிட்ஜின் அடியில் தினமும் பல் நூலை நுழைத்து இழுக்க வேண்டும். நுனி விறைப்பாக உள்ள நூல் மருந்துக் கடையில் கிடைக்கும். முதல் வாரம் கொஞ்சம் இரத்தம் வரலாம். பிறகும் வந்தாலோ நாற்றமடித்தாலோ காட்டுங்கள். இம்பிளான்ட்டைச் சுற்றி ஈறு சிவந்து, அழுத்தினால் சீழ் வந்தால் வலி இல்லையென்று விட்டுவிடாதீர்கள், அங்கே எலும்பு கரைவது வலிக்காமலே நடக்கும். உறை ஆடினால் தாங்கியின் சிறு திருகு தளர்ந்திருக்கலாம், அதை இறுக்கிவிடலாம்; ஆடிக்கொண்டே கடித்தால் உடையும். தகட்டுப் பல்லைச் சோப்புப் போட்டு மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். மலைக்குளிரில் வெந்நீரில் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அக்ரிலிக் வளைந்துவிடும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஒரே நாளில், கழற்றத் தேவையில்லாத பல் கட்டித் தருகிறோம் என்று சிலர் அக்ரிலிக் மாவைக் குழைத்து இரு பக்கத்துப் பற்களோடும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். முதல் மாதம் நன்றாகவே இருக்கும். நூல் நுழைய இடமே இருக்காது. உணவு அடியில் தங்கி ஈறு வீங்கும், பிறகு நல்லாயிருந்த பக்கத்துப் பற்களும் ஆடத் தொடங்கும். நான் பார்த்ததில் ஒரு பல்லுக்காகப் போனவர் மூன்று பற்களை இழந்து வந்த அச்சுகள் உண்டு. பல் வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் நிற எண், பயன்படுத்திய பொருள், இம்பிளான்ட் என்றால் அதன் தயாரிப்புப் பெயரும் அளவும் எழுதிய சீட்டு ஒன்றை வாங்கி, கிளினிக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்; பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு வைத்தியர் அந்தத் திருகைத் திறக்க வேண்டி வந்தால், பொருந்தும் சாவி எது என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கும்.